நீட்டிப் பாடும்போது வருவது வைப்ரேட்டோவா, நடுக்கமா? எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பழகுவது?

செம்பூர் ஆல்டோ

மும்பையில் ஒரு தமிழ்த் திருச்சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன். வேகமான வரிகளில் எனக்குச் சிக்கல் இல்லை. ஒரே சுரத்தை ஏழெட்டு நொடி பிடிக்க வேண்டிய இடங்களில் மட்டும் என் குரல் அசையத் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்கும் தோழி அதை வைப்ரேட்டோ என்று பாராட்டுகிறார். குழுவை நடத்துபவரோ, குரல் நடுங்குகிறது, நேராகப் பாடுங்கள் என்கிறார். ஒரே ஒலியைக் கேட்கும் இருவர் இப்படி எதிரெதிராகச் சொல்வதால், எதை வளர்ப்பது, எதை நிறுத்துவது என்று எனக்குப் புரியவில்லை. காதை மட்டும் நம்பாமல் இவ்விரண்டையும் பிரித்தறிய வழி உண்டா? நடுக்கம்தான் என்றால், அதை மாற்றி நல்ல வைப்ரேட்டோவை வரவழைக்க முடியுமா?

தாராவி பேஸ்

சகோதரி, இது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். நான் பள்ளி நாட்களில் மேற்கத்தியப் புல்லாங்குழல் கற்றேன். வயிற்றை மெல்ல உந்தி உந்தி ஊதினால் வைப்ரேட்டோ வரும் என்றுதான் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டுக்கும் அதையே கொண்டு வந்தேன். ‘ஆ’ என்று பிடித்துக்கொண்டு, நொடிக்கு இரண்டு உந்தல், பிறகு மூன்று, பிறகு நான்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். சில மாதங்களில் அது தானாகவே ஓடும்.

முலுண்ட் ரசிகை

நீங்கள் கேட்பது கமகத்தைப் பற்றி என்று நினைக்கிறேன். சுரம் அசைய வேண்டுமானால் கம்பிதம் பழக வேண்டும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அது எவ்வளவு நிதானமாக அசைகிறது! முதல் காலத்தில் அகாரமாகப் பாடிப் பாடிப் பழகினால் எந்தச் சுரத்தையும் விரும்பியபடி அசைக்கலாம். நிற்க வேண்டிய இடத்தில் குரல் ஆடினால், சாதகம் போதவில்லை என்றுதான் என் குருநாதர் சொல்வார்.

குரல்வழி

நான் மாட்டுங்காவில் மேற்கத்திய முறையில் குரல் பயிற்சி அளிக்கிறேன். மேலே வந்த பதில்களில் பயன்படுபவையும் இருக்கின்றன, வழிதவறச் செய்பவையும் இருக்கின்றன. ஆகவே கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன்.

வைப்ரேட்டோ என்பது பாடும் சுரத்தின் மையத்தைச் சுற்றி, சுருதி சீராக மேலும் கீழும் போய்வருவது. நல்ல பயிற்சி பெற்ற குரல்களில் அது நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு முறை நிகழ்கிறது. 1930களில் அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் பல பாடகர்களின் குரலை அளந்தபோதும், நொடிக்கு ஆறு, ஆறரை என்ற அளவிலேயே சராசரி கிடைத்தது. அசைவின் மொத்த அகலம் ஏறத்தாழ ஒரு அரைச் சுரம். ஐந்து கட்டை மேல் ஷட்ஜத்தை, அதாவது 392 ஹெர்ட்ஸை, ஒருவர் இப்படிப் பாடினால் குரல் உண்மையில் 381க்கும் 403க்கும் இடையே போய்வருகிறது. கேட்பவருக்கு இரண்டு சுரங்களாக அது தோன்றுவதில்லை. காது நடுவில் உள்ள 392ஐத்தான் சுரமாக எடுத்துக்கொள்கிறது.

வேகம் நொடிக்கு ஐந்துக்குக் கீழே இறங்கி அகலமும் கூடினால், காது அலைகளைத் தனித்தனியாக எண்ணத் தொடங்கிவிடும், குரல் தள்ளாடுவதாகத் தோன்றும். எட்டை நெருங்கினாலோ ஆட்டின் குரல்போல் படபடக்கும். ஆனால் உங்கள் கேள்விக்கு விடை வேகத்தில் இல்லை, சீரில் இருக்கிறது. வைப்ரேட்டோவில் ஒவ்வொரு அலையும் முந்தைய அலையைப் போலவே இருக்கும். நடுக்கத்தில் ஒன்று குறுகியும் ஒன்று நீண்டும், ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் வரும், மையமும் நிலைகொள்ளாது.

தாராவி சகோதரருக்கு ஒரு சொல். புல்லாங்குழலில் சுருதியை அசைக்கும் தசை கிடையாது, ஆகவே அங்கே மூச்சை அசைப்பது பொருந்துகிறது. குரலில் குரல்நாண்களை நீட்டி இழுக்கும் தசை ஒன்று இருக்கிறது. வைப்ரேட்டோவின்போது அந்தத் தசையின் செயல்பாடு அலையோடு சேர்ந்து ஏறி இறங்குவதை மின்பதிவுகளில் பார்த்திருக்கிறார்கள். இன்கோ டிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் முன்வைத்த விளக்கத்தின்படி, எதிரெதிராக இழுக்கும் குரல்வளைத் தசைகள் நீளும்போது எழும் அனிச்சை மறுமொழி ஒரு சிறு தாமதத்தோடு வருவதால், அந்த அமைப்பு தனக்கே உரிய ஒரு வேகத்தில் ஊசலாடுகிறது. ஊஞ்சல் தனக்குரிய காலத்தில்தான் ஆடும், நாம் அவசரப்படுத்தி அதை இரட்டை வேகத்தில் ஆட்ட முடியாது என்பது போலத்தான் இதுவும். வேகத்தை மனத்தால் மாற்றுவது மிகக் கடினமாக இருப்பதற்கும், அகலத்தை ஓரளவு எளிதாக மாற்ற முடிவதற்கும் இது பொருந்திவருகிறது.

தாராவி பேஸ்

உந்தல் முறையில் எனக்குப் பலன் கிடைத்ததே, ஐயா? குழுவில் யாரும் குறை சொன்னதில்லை. மூச்சின் அழுத்தம் கூடினால் சுருதியும் கூடத்தானே செய்கிறது?

குரல்வழி

கூடுகிறது, அதில் நீங்கள் சொல்வது சரியே. சில மெல்லிசைப் பாடகர்கள் அந்த வகையைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் முதலில் ஏறி இறங்குவது சத்தம், சுருதி அதன் பின்னால் வருகிறது. என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நொடிக்கு நான்கு உந்தலைத் தாண்டும்போது வயிறு இறுகிவிடுகிறது, அந்த இறுக்கம் தொண்டைக்கும் ஏறுகிறது. நீண்ட சுரத்தில் ஏற்கெனவே அசைவு வரும் ஒருவருக்கு, மூச்சை மேலும் அசைக்கச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முலுண்ட் அம்மா அவர்களுக்கு. கமகம் ராகம் கேட்கும் அசைவு. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை, எந்தக் காலத்தில் என்பதெல்லாம் பாடுபவர் மனத்தில் இருக்கிறது. நீங்கள் சொன்ன தோடி காந்தாரம் அரைச் சுரத்தைவிட எவ்வளவோ அகலமானது, பாட்டின் காலப்பிரமாணத்தோடு தன் வேகத்தையும் மாற்றிக்கொள்வது. வைப்ரேட்டோவோ எந்தச் சுரத்திலும் ஒரே விதமாக ஓடும். ஆகவே கம்பிதப் பயிற்சி இவருக்கு நேரடியாக உதவாது. ஆனால் சாதகம் என்று நீங்கள் சொன்னதில் ஒரு பகுதி உதவும். அதற்குப் பிறகு வருகிறேன்.

செம்பூர் சகோதரி, ஒரு பதிவைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம். ‘ஆ’ என்ற உயிரை, உங்களுக்கு வசதியான ஒரு சுரத்தில், பக்கவாத்தியம் இல்லாமல் எட்டு நொடி பாடிப் பதிவு செய்யுங்கள். Praat என்ற இலவச மென்பொருளில் திறந்தால் சுருதியின் கோடு தெரியும்.

அந்தேரி ஒலிப்பதிவு

பதிவைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கைப்பேசியின் குரல்பதிவுச் செயலிகள் பலவற்றில், சத்தம் குறைந்தால் தானாகவே ஏற்றும், கூடினால் இறக்கும் வசதி இயங்கிக்கொண்டே இருக்கும். அதை அணைக்காவிட்டால் சுருதிக் கோடு சரியாக இருக்கும், சத்தத்தின் கோடு பொய் சொல்லும். இந்தக் கேள்வியில் சத்தத்தின் கோடும் முக்கியம். இரண்டாவது, கோப்பு m4a ஆக இருந்தால் WAV ஆக மாற்றிய பிறகே Praat அதைத் திறக்கும்.

திறந்ததும் View & Edit அழுத்துங்கள். சுருதி எல்லையைப் பெண் குரலுக்கு ஏற்ப 200 முதல் 600 வரை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோடு ஒரு ஸ்தாயி கீழே தாவி உங்களைக் குழப்பக்கூடும். எட்டு நொடியையும் ஒரே திரையில் பார்த்தால் எந்த அசைவும் அழகாகத்தான் தெரியும். இரண்டு நொடி மட்டும் திரையை நிரப்பும்படி பெரிதாக்கி, ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

செம்பூர் ஆல்டோ

392இல் பாடிப் பதிவு செய்தேன். முதல் மூன்று நொடி கோடு கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. நான்காவது நொடியில் அசைவு தொடங்குகிறது. அங்கிருந்து அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே உள்ள நேரம், நொடிக் கணக்கில்: 0.14, 0.22, 0.16, 0.27, 0.13. ஆழமும் ஒரே அளவாக இல்லை. ஓர் அலை மிகச் சிறியதாகவும், அதற்கு அடுத்தது அதைப் போல மூன்று மடங்கு அகலமாகவும் இருக்கிறது. சராசரி எடுத்தால் நொடிக்கு ஐந்தரை வருகிறது. நீங்கள் சொன்ன ஐந்து முதல் ஏழு என்பதற்குள் இருப்பதால், என் தோழி சொன்னதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

குரல்வழி

எடுத்துக்கொள்ள முடியாது. சராசரியை மட்டும் பார்த்தால் வரும் தவறான முடிவுக்கு உங்கள் எண்களே தெளிவான சான்று. 0.13 என்றால் அந்த அலை நொடிக்கு ஏழரைக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது, 0.27 என்றால் நான்குக்கும் குறைவான வேகத்தில் போகிறது. படபடப்பும் தள்ளாட்டமும் மாறி மாறி வந்து, கூட்டி வகுத்தால் நடுவில் விழுகின்றன. நல்ல வைப்ரேட்டோவில் இந்த ஐந்து எண்களும் 0.17, 0.18, 0.19 என்று நெருங்கி நிற்கும். உங்கள் தோழி கேட்டது மொத்த வேகம், குழுவை நடத்துபவர் கேட்டது அதன் ஒழுங்கின்மை என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகள் வேண்டும். கடைசி இரண்டு நொடியில் கோட்டின் மையம் எங்கே நிற்கிறது? சத்தத்தின் கோடு என்ன செய்கிறது?

செம்பூர் ஆல்டோ

மையம் 384க்கு இறங்கிவிட்டது. சத்தம் தொடக்கத்தில் மிக உயரமாக இருக்கிறது, மூன்றாவது நொடிக்குப் பிறகு சரிந்துகொண்டே போகிறது, சரியும்போது சிறு சிறு துடிப்புகளும் தெரிகின்றன.

குரல்வழி

அப்படியானால் காரணம் பெரும்பாலும் இதுதான். தொடக்கத்திலேயே தேவைக்கு மேல் மூச்சைச் செலவிடுகிறீர்கள். மூன்று நொடியில் விலா எலும்புக்கூடு சரிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் காற்றை வெளியே தள்ள வயிற்றுத் தசைகள் விட்டுவிட்டு முயல்கின்றன, சுரம் விழாமலிருக்கத் தொண்டை இறுகுகிறது. 392இலிருந்து 384 என்பது ஓர் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். குழுவில் அது நன்றாகவே கேட்கும். அசைவு நான்காவது நொடியில்தான் தொடங்குகிறது என்பதே பெரிய தடயம். தொடக்கத்திலிருந்தே அசைந்திருந்தால் நான் வேறு இடத்தில் காரணத்தைத் தேடியிருப்பேன்.

பயிற்சி இரண்டு பகுதி. முதல் பகுதியில் வைப்ரேட்டோவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வழக்கமாக எடுக்கும் மூச்சில் முக்கால் பங்கு மட்டும் எடுங்கள், நடுத்தரச் சத்தத்தில் ‘ஆ’ தொடங்குங்கள், விலாப்புறம் விரிந்த நிலையிலேயே இருக்கிறதா என்று இரண்டு கைகளாலும் தொட்டுப் பாருங்கள். அசைவு வருவதற்கு முன்பே, மூன்றாவது நொடியில், நிறுத்துங்கள். நடுங்கிய பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் நடுக்கத்தைத்தான் பழகுகிறீர்கள். மூன்று நொடி எந்தச் சிரமமும் இல்லாமல் நேராக வந்தால் நான்கு, பிறகு ஐந்து. இதற்கு முன்னால் சற்று நேரம் பழரசக் குழாயை ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு வைத்து, அதன் வழியே அதே சுரத்தை ஒலியுங்கள். குமிழ்கள் ஒரே சீராக எழுந்தால் மூச்சு சீராகப் போகிறது என்று பொருள். அவை குதித்துக் குதித்து எழுந்தால் மூச்சு தள்ளப்படுகிறது.

முலுண்ட் அம்மா சொன்ன சாதகத்தில் பயன்படும் பகுதி இதுவே. அசைவே கூடாத ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நீண்ட கார்வை நின்று பழகுவதும் இந்தப் பயிற்சியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

முலுண்ட் ரசிகை

கார்வையைத்தான் சொல்ல வந்தேன், கமகம் முந்திக்கொண்டது. தம்பூராவின் முன் அமர்ந்து மந்திர ஷட்ஜத்தில் விடியற்காலையில் நிற்பது எங்களுக்குத் தினசரிப் பழக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். நேராக நிற்கப் பழகிய குரலில் பிறகு எதற்கு அசைவு? எங்களுக்கு அது குறையாகத்தானே கேட்கிறது?

குரல்வழி

உங்கள் இசையில் அது குறையாகக் கேட்பது நியாயமே, ஏனெனில் அங்கே ஒவ்வோர் அசைவுக்கும் ராகத்தில் பொருள் உண்டு, பொருளில்லாத அசைவு அதைக் கலைக்கிறது. ஓபராவில் வைப்ரேட்டோ குரலின் இயல்பான நிலையாகக் கருதப்படுகிறது. பாடகர் குழுவில் எவ்வளவு அசைவு பொருந்தும் என்பதில் பயிற்சியாளர்களே இரண்டு அணிகளாக நிற்கிறார்கள். அந்த முடிவைச் செம்பூர் சகோதரியின் குழுவை நடத்துபவரிடமே விட்டுவிடுவது நல்லது.

இப்போது இரண்டாம் பகுதி. ஆறேழு நொடி நேராகப் பிடிக்க முடிந்த பிறகே இதற்கு வாருங்கள். மெட்ரோனோமை 60இல் வையுங்கள். ஒரு சுரத்துக்கும் அதன் அரைச் சுரம் மேலே உள்ளதற்கும் இடையே, ‘ஆ’வை உடைக்காமல், ஒரு தட்டுக்கு ஒரு முறை போய்வாருங்கள். பிறகு ஒரு தட்டுக்கு இரண்டு, மூன்று, நான்கு. நான்கில், அதாவது நொடிக்கு நான்கு அசைவில், சுரங்களைத் தனித்தனியாகத் தொடும் முயற்சியை விட்டுவிட்டு, கீழ்ச் சுரத்தில் மட்டும் கவனம் வைத்து மூச்சை ஓடவிடுங்கள். சிலருக்கு அந்த இடத்தில் அசைவு தானாக வேகமெடுத்து ஐந்து, ஐந்தரையில் போய் நிலைகொள்ளும். அது நிகழும்போது குரல் பாரம் இறங்கியதுபோல் இருக்கும். நிகழாவிட்டால் வலிந்து ஆறுக்குத் தள்ளாதீர்கள்.

ஒரு விரலை மோவாயின் அடியில், மென்மையான பகுதியில், வைத்துக்கொள்ளுங்கள். அங்கே துடிப்பு தெரிந்தால் நாக்கின் அடிப்பகுதிதான் ஆடுகிறது. கண்ணாடியில் தாடை ஆடுவது தெரிந்தாலும் அப்படியே. அந்த அசைவு வேகமானால் ஆட்டுக்குரலாகிவிடும், பிறகு அதை நீக்குவது பெரும் பாடு.

அந்தேரி ஒலிப்பதிவு

மெட்ரோனோம் பயிற்சியில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு சுரங்களுக்கு இடையே போய்வருவது பாடுபவர் நினைத்துச் செய்வது, வைப்ரேட்டோ நினைக்காமல் வருவது என்று நீங்கள்தான் மேலே எழுதினீர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தப் பயிற்சியால் வந்த அசைவைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். மெல்லிய சுரத்தில்கூட அகலம் குறைவதில்லை, எங்கும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்.

குரல்வழி

நியாயமான மறுப்பு. பல ஆசிரியர்கள் உங்களைப் போலவே சொல்கிறார்கள், மூச்சும் தொண்டையும் சமநிலைக்கு வந்தால் போதும், மீதி தானே வரும் என்று காத்திருக்கிறார்கள். நான் இதைக் குரல்வளையின் இறுக்கத்தைத் தளர்த்தவே பயன்படுத்துகிறேன். இறுகிய தொண்டையால் நொடிக்கு நான்கு முறை போய்வரவே முடியாது, முடிந்துவிட்டால் தடை விலகியது என்று அறிகிறேன். நீங்கள் சொன்ன அச்சு வார்ப்பு வருவது, நான்கில் விடாமல் ஆறு வரை இயக்கிக்கொண்டே போகும்போதுதான் என்பது என் அனுபவம். ஆனாலும் எல்லாருக்கும் இது தேவை என்று சொல்லத் துணிய மாட்டேன்.

சயான் மூத்தவர்

நான் பல ஆண்டுகளாக டெனர் பாடியவன், இப்போது எழுபதை நெருங்குகிறேன். என் குரலும் அசைகிறது, அசைவு மெதுவாகவும் அகலமாகவும் ஆகிவிட்டது. போன ஆண்டிலிருந்து பேசும்போதும் குரல் நடுங்குவதாக வீட்டில் சொல்கிறார்கள். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது கையும் சற்று ஆடுகிறது. இந்தக் குழாய்ப் பயிற்சியை நானும் செய்யலாமா?

குரல்வழி

ஐயா, வயதாகும்போது வைப்ரேட்டோ மெதுவாகி அகலமாவது பாடகர்களிடம் பரவலாகக் காணப்படுவதே. குழாய்ப் பயிற்சி அதற்கு ஓரளவு உதவும், தீங்கும் செய்யாது. ஆனால் பேச்சிலும் நடுக்கம், கையிலும் நடுக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், பயிற்சிக்கு முன்பாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பதை அவர் சொல்வார். வைப்ரேட்டோவைப் பாடகர் நிறுத்த நினைத்தால் நிறுத்த முடியும். நரம்பு சார்ந்த நடுக்கம் அப்படி நிற்காது, அதைக் குரல் பயிற்சி ஆசிரியர் சரிசெய்ய முயல்வதும் கூடாது.

செம்பூர் ஆல்டோ

சில வாரங்களாக முதல் பகுதியை மட்டும் செய்துவந்தேன். வீட்டில் சுவர்கள் மெல்லியவை என்பதால் குழாய்ப் பயிற்சி பெரிய வசதியாக இருந்தது. இப்போது ஆறு நொடி வரை கோடு நேராக நிற்கிறது, மையம் 391க்குக் கீழே போகவில்லை. மெட்ரோனோமை இன்னும் தொடவே இல்லை. ஆனால் நேற்றைய பதிவில் கடைசி ஒன்றரை நொடியில் ஓர் அசைவு வந்திருக்கிறது. முகடுகளுக்கு இடையே 0.17, 0.18, 0.17, 0.19, 0.18. அகலம் முன்பைவிடக் குறைவு. இது பழைய நடுக்கத்தின் மிச்சமா?

அந்தேரி ஒலிப்பதிவு

மெட்ரோனோம் இல்லாமலே வந்துவிட்டது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

குரல்வழி

பதிவு செய்துகொள்ளுங்கள், மறுப்பதற்கில்லை. சகோதரி, இது மிச்சம் இல்லை என்றே நினைக்கிறேன். நொடிக்கு ஐந்தரைக்குச் சற்று மேலே, ஒன்றுக்கொன்று நெருங்கிய அலைகள். இருந்தாலும் உறுதி செய்ய ஒரே மூச்சில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நொடி நேராகப் பிடியுங்கள், பிறகு அசைவை வரவிடுங்கள், கடைசி இரண்டு நொடியில் மீண்டும் நேராக்குங்கள். சத்தத்தைக் குறைக்காமலும் தொண்டையை இறுக்காமலும் நேராக்க முடிந்தால் அது வைப்ரேட்டோ. மூன்றாவது கட்டத்தில் மட்டும் சிக்கல் என்றால், மூச்சு இன்னும் கடைசி வரை போதவில்லை என்று கொண்டு, இன்னும் சிறிது காலம் முதல் பகுதியிலேயே நில்லுங்கள். 392இல் வந்தபின், இரண்டு சுரம் கீழேயும் மேலேயும் அதே சோதனையைச் செய்து பாருங்கள். பலருக்கு மேலே போகும்போது பழைய இறுக்கம் திரும்பிவிடும், அங்கே முகடுகளின் இடைவெளி மறுபடி கலைந்து நிற்கும்.

செம்பூர் ஆல்டோ

392இல் மூன்று கட்டமும் வந்துவிட்டன. 440இல் நேராக்கும்போது மோவாய்க்கு அடியில் விரலுக்குத் துடிப்பு தெரிகிறது. ஆகவே இந்த வாரம் 440க்குப் போகாமல், 392க்கும் அதற்கு அடுத்த அரைச் சுரத்துக்கும் இடையிலேயே நின்று பழகப் போகிறேன். குழுவை நடத்துபவரிடம் இரண்டு பதிவுகளின் கோடுகளையும் காட்டினேன். ஆல்டோ வரிகளில் நேராகவே பாடச் சொன்னார், தனிப்பாடல் வரும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.